எட்டு மாதம் பதில் சொன்ன எண்

தபால் நிலையத்தில் எல்லாரும் அவரைத் துப்பு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். விலாசம் விளங்காத தபால் எல்லாம் அவர் மேசைக்கு வரும். "மாமா, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு" என்று மட்டும் எழுதி ஒரு அட்டை வந்தது. ஊரில் தண்ணீர்த் தொட்டிகள் நான்கு. மூன்றாவது தொட்டியில் மாமாவைப் பிடித்துவிட்டார்.

புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரம் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. வாழ்த்து அட்டையின் உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, உள்ளே கையெழுத்தும் நாலைந்து சொல்லும் மட்டும் எழுதினால் தபால் தலைச் செலவு குறைவு. ஊரே அப்படித்தான் அனுப்பியது. ஒட்டாத உறையின் வாய்க்குள் சாதாரண அஞ்சலட்டைகள் நழுவிப் போய்விடும். யாருக்கோ போக வேண்டிய சாவுச் செய்தி இன்னொருவரின் ரோஜாப்பூ வாழ்த்தோடு போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு உறையையும் தலைகீழாக உதறிப் பார்ப்பார். பாட்டுப் பாடும் அட்டை வந்த பிறகு சில மூட்டைகள் தாமாகவே பாடின. விரலில் ஒட்டிய ஜிகினா இரண்டு வாரத்துக்குப் போகாது. "மேடம் சோறு பிசைஞ்சா சோறும் மின்னும்" என்று தபால்காரர்கள் கேலி செய்வார்கள்.

வாழ்த்து அட்டைகள் குறையத் தொடங்கின. ஒரு வருடம் கூடுதல் மேசை போடவில்லை. அடுத்த வருடம் கூடுதல் ஆள் எடுக்கவில்லை. பிறகு தபால் பிரித்து வைக்கும் அறைப்பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் பார்சல் அடுக்க இரும்பு ரேக் வந்தது. மேடமும் பார்சல் கவுண்டருக்குப் போனார். அதற்காக அவர் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. முதலில் மாறியதே அவர்தான். நாற்பது அட்டைக்கு விலாசம் எழுதிக் கை வலித்த காலம் போய், பக்கத்து வீட்டுப் பெண் போனில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள். ஒரு படம், ஒரே அழுத்து, நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு வாழ்த்து. அந்த வசதிக்கு முன்னால் யார்தான் பேனாவைத் தேடுவார்கள்?

அக்காவும் அந்தப் பட்டியலில் இருந்தாள். பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவில் இருந்தாள். போனில் பேசினால் இருவருக்கும் சண்டை வந்துவிடும். படம் அனுப்பினால் கும்பிடும் கை பதிலாக வரும். அதுவே சமாதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாழ்த்துப் படங்களுக்கும் ஐம்பது காலை வணக்கங்களுக்கும் கை தவறாமல் கும்பிட்டது.

ஒருநாள் மேடம் அக்காவுக்குத் தானாகவே ஒரு வரி தட்டினார்: "முட்டி வலி எப்படி இருக்கு?"

"எனக்கு முட்டி வலி இல்லைங்க. நீங்க யாரு?"

உடனே கூப்பிட்டார். ஓர் இளைஞனின் குரல் எடுத்தது.

"எட்டு மாசமா இது என் நம்பர்தாங்க."

"அப்ப ஏன் தம்பி கும்பிட்டீங்க?"

"வணக்கம் சொன்னீங்க. தெரிஞ்சவங்கன்னு நினைச்சேன்."

மேடம் போனை வைத்தார். அட்டையாக இருந்தால் "வீடு மாறிவிட்டார்" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்திருக்கும். கையெழுத்து வேறாக இருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கும்பிடும் கை எல்லாருக்கும் ஒன்றுதான்.

அக்காவின் கடைசி விலாசத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அக்கா முன்பு அனுப்பிய அட்டைகளைத் துழாவினார். ஒன்றின் ஓரத்தில் அக்கா பொடி எழுத்தில் நுழைத்திருந்தாள்: "கீழ்க்கடைத் தையல்காரர் நல்ல மனுஷன்." மேடம் அடுத்த அட்டையை அதே கதவு எண்ணில் "தையல்காரர் அவர்களுக்கு" என்று, தன் போன் எண்ணையும் சேர்த்து எழுதினார். நான்காம் நாள் தையல்காரரே கூப்பிட்டார்.

"அவங்க வீட்டுக்காரர் தவறினப்புறம் மக வீட்டுக்குப் போயிட்டாங்கம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

மகள் வீட்டு விலாசத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார். கதவைத் திறந்த அக்கா மெலிந்திருந்தாள்.

"அத்தான் போனதைக்கூடச் சொல்லலையே, அக்கா."

"எதுல சொல்றது? ஆஸ்பத்திரியில போன் தொலைஞ்சு போச்சு. எல்லார் நம்பரும் அதுக்குள்ளதான். நீ வீடு மாறின விலாசம் எங்கிட்ட ஏது? நீ எழுதவே இல்லியே."

"நீயும்தான் எழுதல."

"மூத்தவ முதல்ல எழுதணும்னு சட்டமா?"

அப்புறம் இருவரும் அழுதார்கள். சாப்பிட்டார்கள். மாலையில் அக்காவின் மகளுடைய நோட்டில் மேடம் தன் விலாசத்தைக் கதவு எண்ணோடும் அஞ்சல் குறியீட்டோடும் எழுதினார்.

ஊர் திரும்பியதும் அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் எத்தனை பேரின் விலாசம் தெரியும் என்று எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது. மற்றவர்களை ஞாயிறுக்கு நான்கு பேராகக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். பாதிப் பேர், "என்ன மேடம், ஏதாச்சும் பிரச்சினையா?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள்.