விரதம் என்று சொல்லிக் கிடந்த பட்டினி

தேகப்பயிற்சிக் கூடத்தில் என்னோடு பஸ்கி எடுத்த ஐயம்பேட்டைக்காரனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அவன் மூன்று வேளையும் சாப்பிட்டான், தோள் அகன்றது. நானோ இடுப்பு குறையவேண்டும் என்று சனிக்கிழமை விரதத்தை வாரம் முழுக்க நீட்டி, மோரோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டில் பக்தி என்று நினைத்தார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம், வீட்டுக்கென்று வாங்கிய கோயில் இட்லி முழுவதையும் கோயில் மதில் ஓரமே நின்று விழுங்கினேன். ருசி தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. தண்டனையாக மறுநாள் மோரும் கிடையாது. இரண்டே நாளில் மறுபடி அதே மதில், அதே இட்லி. அன்று அவன் பார்த்துவிட்டான்.

"பட்டினி கெடந்துக்கினு இருந்தா இப்டித்தான்பா ஆவும். நாளைக்கும் பட்டினி போடாத, வேளைக்குத் துன்னு."

"உனக்கு என்னடா தெரியும்?"

"போன வருசம் நானும் இப்டித்தான் கெடந்தேன்."

வீம்புக்கு மூன்று வேளையும் சாப்பிட ஆரம்பித்தேன். நடுவில் இரண்டு முறை மதிலோரம் போனேன். ஆனாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடவில்லை. மெல்ல மெல்ல அந்த வெறி தணிந்தது. வயிற்றெரிச்சல்தான் தணியவில்லை. நான் வெட்கப்பட்டு மறைத்த இடத்துக்கும், பாவி, எனக்கு முன்னாலேயே போய்த் திரும்பி வந்திருந்தான்.