எட்டடி டிரில் பிட்

பாகலூர் ரோட்டில் நாங்கள் நடத்துவது ஸ்டிக்கர் கட்டிங் கடை. நான் கம்ப்யூட்டரில் வரைவேன். கட்டிங் மிஷினைப் பார்த்துக்கொள்பவர் என் பங்காளி. கன்னடத்தில் எண்ணுவார், தெலுங்கில் திட்டுவார், தமிழில் டீ சொல்வார். ஒரே நாற்காலியில் உட்காரத் தெரியாத எனக்கு ஒரு கோட்டின் பின்னால் போகச் சொன்னால் மட்டும் கால்கள் அடங்கும்.

அன்று மதியம் வந்த அம்மா, இரும்பில் ஓட்டை போட்டு மழுங்கிய டிரில் பிட்டுகளைத் தீட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். பல வருடமாக இன்னொருவர் ஷெட்டின் மூலையில் ஒண்டியிருந்தவர். இப்போதுதான் சொந்த ஷெட். போச்சம்பள்ளிப் பக்கத்து பெரிய கம்பெனியிலிருந்து மறுநாள் காலை ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் அவர்களுடைய தீட்டும் வேலை முழுக்க இவருக்கு.

"போர்டுல பேரு இல்லாம நின்னா, இதுவும் வாடகை ஷெட்டுதான்னு நெனைச்சுக்குவாங்கண்ணா. எட்டடிக்கு வேணும்."

லோகோவைப் போனில் அனுப்பினார். கட்டைவிரல் நகம் அளவு. சாய்ந்த எழுத்தில் பட்டறையின் பெயர், அதன் கீழே கோடு போட்டதுபோல் படுத்த டிரில் பிட். முதலில் வரைந்து கொடுத்தவரும் இல்லை, அவரிடமிருந்த ஃபைலும் இல்லை.

பெரிதாக்கினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து, சாம்பல் மூட்டமாகப் பரவியது. படத்தின் ஓரத்தைத் தானாகவே பிடித்து வரையும் டிரேஸ் பட்டனை அழுத்தினேன். கட்டங்களின் படிக்கட்டை எல்லாம் அது நிஜக் கோடென்று நம்பிவிட்டது. எழுத்துகளின் ஓரமெங்கும் எறும்புக் கூட்டம்போல் புள்ளிகள். மூட்டம்கூடத் துண்டு துண்டான வடிவங்களாகிவிட்டது.

பங்காளி எட்டிப் பார்த்தார். "இத வெட்டுனா மிஷினுக்கு நடுக்கம் வந்துரும், குரு. ஸ்டிக்கர உரிக்கறப்ப எனக்கும்."

அழித்தேன். படத்தை அடியில் பூட்டி வைத்து, மேலே கையால் வரைய ஆரம்பித்தேன். வளைவு திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி, அடுத்த திருப்பத்தில் இன்னொன்று. நடுவில் எதுவும் வேண்டாம். புள்ளியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கோடு, காற்று வாங்கிய சேலை முந்தானையாய், தானே வளைந்து கொடுக்கும். புள்ளி குறையக் குறையக் கோடு அழகாகும்; எந்த அளவுக்கு இழுத்தாலும் சுருக்கினாலும் உடையாது.

பிட்டின் உடலை வரைந்தாயிற்று. அதைச் சுற்றிப் போகும் திருகுப் பள்ளங்கள் படத்தில் வெறும் சாம்பல் கறைகள். எந்தப் பக்கம் சாய்கின்றன என்றே தெரியவில்லை. நான் கவலைப்படவில்லை. மேலே எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து நிற்கின்றனவே, அதே சாய்வில் ஒரு பள்ளம் வரைந்து, நகல் எடுத்து, சம இடைவெளியில் அடுக்கினேன். எழுத்தும் இரும்பும் ஒரே காற்றில் சாயும் நாணல்போல் இருந்தன. எனக்கே பெருமை தாங்கவில்லை.

வெட்டி முடிந்து, வேண்டாததை உரித்து எடுத்தபின், அந்த அம்மா வந்து மேசைமேல் விரித்ததைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பாதியில் அந்த மலர்ச்சி நின்றது.

"அண்ணா, இது லெஃப்ட் ஹேண்டு பிட்டு."

"ஏங்க, அதுல கூடவா லெஃப்டு, ரைட்டு?"

"ஓட்ட போடற பிட்டு வலப்பக்கம் சுத்தும். ஒடஞ்சு மாட்டிக்கினு இருக்கற ஸ்க்ரூவ கழட்டத்தான் இந்த மாதிரி எதிர்ப்பக்கம் சுத்தற பிட்டு. வர்றவங்க பூரா பிட்டோடயே பொழங்கற டூல் ரூம் ஆளுங்க. போர்டப் பாத்த நிமிசமே சிரிச்சிருவாங்க. ஒரு பிட்டுக்கே எந்தப் பக்கம்னு தெரியாதவகிட்ட அத்தனையும் குடுப்பாங்களா?"

"கவிஞரு எழுத்துக்கு எதுகையா வரஞ்சிட்டாரு," என்றார் பங்காளி. "அக்கா, அவரு ஊட்டு ஃபேனுகூட எழுத்து சாஞ்ச பக்கந்தான் சுத்தும்."

அந்த அம்மாவுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. மறுபடி முதலிலிருந்தா என்று கடிகாரத்தைப் பார்த்தார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். உடல் ஒரு வடிவம், பள்ளங்கள் வேறு வடிவங்கள். பள்ளங்களை மட்டும் சேர்த்துப் பிடித்து, இடம் வலமாகப் புரட்டினேன். அவ்வளவுதான். எழுத்தில் ஒரு புள்ளி அசையவில்லை.

"இப்ப?"

"இப்ப ஓட்ட போடும்!"

டிரில் பிட்டை மட்டும் புதிதாக வெட்டினோம். வெளிச்சம் இருக்கும்போதே ஷெட்டுக்குப் போய், ஏணி வைத்து, வாசலில் மாட்டியிருந்த வெற்றுப் போர்டில் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்டினார் பங்காளி. கீழே நின்று, இன்னும் மேல, இன்னும் மேல என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"வந்தவங்கள்ல பெரியவரு உள்ளயே வரலிங்கண்ணா. போர்டுக்குக் கீழயே நின்னு, கைய இப்படி வலப்பக்கமா முறுக்கி முறுக்கிப் பாத்தாரு. அப்புறந்தான் தலைய ஆட்டிக்கினு உள்ள வந்தாரு."

"வேலை?"

"ஒரு பெட்டி பிட்டு குடுத்துட்டுப் போயிருக்காங்க, தீட்டிக் காட்டச் சொல்லி. அந்த லோகோவ பெட்டி மேல ஒட்டி அனுப்பணும். தீப்பெட்டி சைசுக்குச் சின்னதாக்கினா கெட்டுப்போவுமா?"

"சுண்டுவிரல் சைசுக்குக் கேளுங்க, தரேன்," என்று சொல்லிக்கொண்டே ஃபைலைத் திறந்தேன்.