விடுபட்ட ஒரு வரி

ஷண்முகப்ரியா பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர். அதுவே தனக்குத் தகுதியாகிப் போனதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சிரிப்பு வரும். பார்வையற்றவர்களுக்குத் தேர்வு எழுதித் தர வருகிறவர் அவர்களைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக ஒரு நாள் லீவு போட்டுப் போனார். அப்புறம் பதினாறு வருடம், தேர்வு வந்தால் லீவு கேட்டு முதலாளி முன்னால் நிற்பதே வழக்கமாகிவிட்டது. வரலாறு, பொருளியல், இலக்கியம் என்று எத்தனையோ பாடம் அவர் கைவழியாகப் போயிருக்கிறது. காலேஜ் படியேறாத ஏக்கமும் அப்படித்தான் தீர்ந்தது.

இப்போது பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். விரல் மூட்டெல்லாம் வலி, எழுதுவதில்லை. மயிலாப்பூர் பக்கம் பஸ்ஸில் போனால் மட்டும் தேர்வு எழுதித் தரப் போன கல்லூரியின் கேட்டைப் பார்த்ததும் மனசு கேட்காது. என்ன நாட்கள் அவை! அங்கே எழுதித் தந்த பிள்ளைகளில் சாய்சரண்தான் முதலில் நினைவுக்கு வருவான்.

சாய்சரண் சட்டம் படித்தான். பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது பற்றிய தீங்கியல் பேப்பரில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தான். மூன்றாவது முறையும் போனால் படிப்பையே விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தான்.

அந்த மூன்றாவது தேர்வு. தனி அறை, கூடுதலாக ஒரு மணி நேரம், கண்காணிப்புக்குக் கஸ்தூரிரங்கன் என்கிற பேராசிரியர். கடைசியில், ஒரு சம்பவத்தைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் பிரச்சினைக் கேள்வி. நடைபாதையில் கேபிள் பதிக்க ஒரு நிறுவனம் பள்ளம் தோண்டுகிறது. வெள்ளைக் கோலோடு கவனமாக வந்த பார்வையற்றவர் அதில் விழுந்து காலை முறித்துக்கொள்கிறார். நிறுவனம் பொறுப்பாகுமா? ஷண்முகப்ரியா படித்தார், அவன் மளமளவென்று சொன்னான். எச்சரிக்கையே வைக்காதது அப்பட்டமான கவனக்குறைவு, எனவே நிறுவனம் பொறுப்பு. ஒரே பக்கத்தில் முடிந்தது.

"கேள்வி நம்பரெல்லாம் சரியா போட்டுக்கீறீங்களான்னு பாத்துடுங்கக்கா" என்றான்.

கேள்வித்தாளைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரல் வைத்து மறுபடி படித்தார். பக்கத்தின் அடியில் ஒரு வரி. 'பார்வையுள்ள எவருக்கும் போதுமான எச்சரிக்கைப் பலகை பள்ளத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது.' பக்கம் திருப்பும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்! தாளில் இல்லாத கேள்விக்குப் பையன் பதில் சொல்லியிருக்கிறான்.

அதுவரை இப்படி நடந்ததேயில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பெயிலானால் தன்னைத்தானே நொந்துகொள்வான். அவ்வளவுதான். அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் அருவருப்பு வந்தது என்று இன்றும் சொல்வார்.

"சரண், கேள்விய மறுபடி படிக்கட்டுமா?"

"இன்னாத்துக்குக்கா? அதான் முடிஞ்சிடுச்சே."

"இல்லப்பா. நான் ஒரு வரிய விட்டுட்டேன். தப்பு என்னோடது."

கஸ்தூரிரங்கன் எழுந்து வந்தார். "கேள்விய முழுசா படிங்கம்மா. பதிலப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசப்படாது."

ஷண்முகப்ரியா முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். சாய்சரண் நாலு வார்த்தை திட்டிவிடமாட்டானா என்றிருந்தது அவருக்கு.

"டைம் எவ்ளோக்கா?"

"பதினெட்டு நிமிஷம்."

"எழுதனத அடிச்சிடுங்க. புதுசா சொல்றேன்."

இந்த முறை நிதானமாகச் சொன்னான். நடைபாதையில் பார்வையற்றவர்களும் நடப்பார்கள், அது எவரும் எதிர்பார்க்கக் கூடியதே. ஆகவே அவர்களிடமும் நிறுவனத்துக்குக் கவனக் கடமை உண்டு. பார்க்க முடியாதவருக்குப் பலகை எச்சரிக்கை ஆகாது. கோலுக்குத் தட்டுப்படும் உயரத்தில் ஒரு தடுப்பு வைப்பது எளிது, வைக்காதது கடமை மீறல். அந்த மீறலால்தான் கால் முறிந்தது. கோலோடு கவனமாக வந்தவர்மேல் பங்குக் கவனக்குறைவு, அதாவது அவர் தவறும் சேர்ந்தது என்று, சொல்ல முடியாது. நிறுவனம் இழப்பீடு தர வேண்டும்.

மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் கடைசிப் புள்ளியை வைத்தார். அந்த மாதிரி வேகமாக அவர் கை அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

தேர்வு முடிந்து இருவரும் வெளியே வந்தார்கள். இனி இந்த வேலையே வேண்டாம் என்று ஷண்முகப்ரியா முடிவு கட்டியிருந்தார். பஸ் ஸ்டாப்பில் சாய்சரண் சொன்னான்.

"நவம்பர்ல சொத்துச் சட்டம் கீது. நீங்கதான் வரணும்."

"உனக்குப் பைத்தியமா? இன்னிக்கு உன் வாழ்க்கையவே கெடுக்கப் பாத்தேன். கேள்விய ஒழுங்கா படிச்சுக் காட்டறவங்களா வேற யாரையாச்சும் பாரு."

"வேற யார் வந்தாலும் ஒரு வரிய விடுவாங்கக்கா" என்றான் சாய்சரண். "விட்டத எங்கிட்ட சொல்லுவாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"