கேட்டில் மாட்டிய பை

இரும்புலியூரில் இட்லி மாவு டெலிவரி செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. அவர்கள் இரவே கேட்டில் துணிப்பையை மாட்டி வைப்பார்கள்; விடியற்காலையில் எங்கள் ஆள் அதில் மாவு பாக்கெட்டைப் போட்டுவிட்டு வருவார்.

வாங்குவதை நிறுத்தியவர்களைத் திரும்ப அழைக்க, 'உங்களைக் காணாமல் தவிக்கிறோம்' என்று எழுதி, தள்ளுபடியும் சேர்த்திருந்தேன். அனுப்புவதற்கு முன் பட்டியலை ஏரியாவாரியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் அனகாபுத்தூர். எல்லோரும் நிறுத்தியது ஒரே மழை வாரத்தில். சந்துகளில் தண்ணீர் நின்றதால் அந்த வாரம் மூன்று நாள் நாங்கள்தான் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இதில் தவிப்பு வேறு. எழுதிய என் மேலேயே எரிச்சல் வந்தது.

டெலிவரி அண்ணாவிடம் பேசிவிட்டு மெயிலை மாற்றினேன்: 'மழையில் மூன்று நாள் வரவில்லை. சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. இனி வர முடியாது என்றால் முந்தின நாள் மாலையே மெசேஜ் அனுப்புவோம்.' தள்ளுபடியை எடுத்துவிட்டேன்.

முதலாளியம்மா படித்துவிட்டு, "தப்ப நாமளே ஞாபகப்படுத்தணுமா? அவங்க மறந்திருப்பாங்க" என்றார்.

"மறந்திருந்தா திரும்ப வாங்கியிருப்பாங்க மேடம்" என்றேன்.

அனகாபுத்தூருக்கு மட்டும் அனுப்பச் சொன்னார்.

மதியம் முதல் பதில் வந்தது: 'மூணு நாளும் பைய மாட்டி வெச்சிருந்தேன். இன்னிக்கு நைட் மாட்டறேன். வரலேன்னா சாயங்காலமே சொல்லிடுங்க.'