டேப்பில் கேட்ட 'பேஷ்'

மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தேன். இதிலும் சீட் கிடைக்காவிட்டால் பி.எஸ்ஸி.தான் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அப்போது பார்த்துத்தான் எனக்கு அம்மை போட்டது. மயிலாப்பூர் டியூஷனுக்குப் போக முடியவில்லை.

பெரியம்மா பிள்ளை அதே டியூஷனில் இருந்தான், அதே தேர்வுதான் அவனுக்கும். சாரின் பாடத்தை டேப்பில் பிடித்து, மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் கேசட்டை வைத்துவிட்டுப் போவான். ஷார்ட்ஹேண்ட் படித்த என் அக்கா அதைக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்தாள். யார் பேசினார்கள் என்று மட்டும் போடமாட்டாள். உயிரியலுக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

அந்தத் தாள்களிலிருந்து அவன் கேள்வி அட்டைகள் தயாரித்தான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் கேள்வி; அச்சடித்த பக்கத்தில், மணமகனுக்கும் மணமகளுக்கும் இடையே கிடைத்த சந்தில் விடை. டைப் அடித்ததில் இல்லாத எதுவும் அட்டையில் வராது என்று பெருமை வேறு. என்ன ஒரு நேர்மை!

ஒரு அட்டையில், பல்மனரி ஆர்ட்டரியில் ஓடுவது எந்த ரத்தம் என்று கேட்டிருந்தான். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்றது விடை. புத்தகமோ நேர்மாறாகச் சொன்னது: அந்தக் குழாய் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிறது, அதில் ஆக்சிஜன் குறைவு. அக்கா டைப் அடித்த தாளைத் தேடினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"ஆக்சிஜன் ரத்தம் சார், ஆர்ட்டரி ஆச்சே. பேஷ். இங்கேர்ந்து இப்படிப் போறது, பாத்துக்கோங்கோ."

எனக்குத் திருப்தியில்லை. கேசட்டைப் போட்டேன். விடை சொன்ன குரல் சாருடையது அல்ல, அவனுடையது. சார் இழுத்த 'பேஷ்'ஷுக்கு வகுப்பே சிரித்தது. பிறகு போர்டில் சாக்பீஸ் சத்தம். சரியான விடையை சார் வாயால் சொல்லவே இல்லை, வரைந்து காட்டிவிட்டார். நம் ஆளோ ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைக் காவல் காத்துக்கொண்டு குனிந்திருந்திருக்கிறான்.

அவனிடம் சொன்னேன். டேப்பைக் கேட்டுப் பார் என்று கெஞ்சினேன். சாரிடமே பேஷ் வாங்கியவனுக்குப் புத்தகம் எந்த மூலைக்கு? "போடி, உன் புத்தகம் பழைய பதிப்பா இருக்கும்," என்றான். எரிச்சலில் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். மற்ற அட்டைகளையும் டேப்போடு ஒத்துப் பார்த்த பிறகே படித்தேன்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எனக்கு சீட் கிடைத்தது. அவனுக்கு அரை மார்க்கில் போயிற்று.

பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, தன் பிள்ளை அட்டை போட்டுக் கொடுக்காவிட்டால் நான் டாக்டருக்குப் படிக்கப்போவது ஏது என்று அப்பாவிடம் அடுக்கிக்கொண்டே போனாள். என் நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது.

"சும்மா இரும்மா," என்றான் அவன், என்னைப் பார்க்காமல். "அவ டேப்பைக் கேட்டா. நான் கேக்கலை."