ஐந்து ஐந்து ஐந்து அக்கா

தொண்ணூறுகளின் நடுவில் நான் பீலெஃபெல்டில் ஒரு தபால்வழி விற்பனை நிறுவனத்தில் வேலை செய்தேன். கட்டலோக் என்ற தலையணை போல் தடித்த புத்தகத்தை வீடு வீடாக அனுப்புவார்கள். சனங்கள் பார்த்து எழுதிக் கேட்பார்கள், பொதி வரும். கணினிப் பிரிவில் எனக்கு ஒரு நிரலைப் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். ஊரில் அம்மா கேட்டால் “கொம்பியூட்டரில் வேலை” என்று மட்டும் சொல்லுவேன். அதற்கு மேல் விளக்கினால் இன்னும் குறைவாகத்தான் விளங்கும்.

அந்த நிரல் ஒவ்வொரு மாதமும் முதல் சனி ஞாயிறில் தானாக ஓடும். கடந்த இரண்டு வருடக் கொள்வனவுகளை எடுத்து, திருப்பி அனுப்பியவற்றைக் கழித்துவிட்டு, வாடிக்கையாளர் எல்லோரையும் மூன்று தரம் வரிசையில் நிறுத்தும். முதல் வரிசை, கடைசியாக எப்போது வாங்கினார் என்பதற்கு. இரண்டாவது, எத்தனை தரம் வாங்கினார் என்பதற்கு. மூன்றாவது, எவ்வளவுக்கு வாங்கினார் என்பதற்கு. ஒவ்வொரு வரிசையையும் ஐந்து சம பங்காக வெட்டி, மேல் பங்குக்கு ஐந்து, கீழ் பங்குக்கு ஒன்று என்று புள்ளி போடும். ஐந்து ஐந்து ஐந்து என்றால் தங்கமான ஆள். ஒன்று ஒன்று ஒன்று என்றால், அவருக்கு அனுப்பும் முத்திரைச் செலவே நட்டம். யாருக்குத் தடித்த கட்டலோக், யாருக்கு மெல்லிய துண்டுப் பத்திரிகை, யாருக்கு ஒன்றுமே இல்லை என்பதை இந்த மூன்று இலக்கங்கள்தான் முடிவு செய்யும். திங்கள் காலை மாதாந்தக் கூட்டத்துக்குள் பட்டியல் மேசையில் கிடக்கும். மனிதர் யாரும் கை வைப்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு தை மாதக் கூட்டத்தில் விற்பனைப் பிரிவுத் தலைவர் பட்டியலின் உச்சியில் விரலை வைத்தார். எப்போதும் உற்சாகமாகவே இருக்கும் மனிதர். காலை எட்டு மணிக்கு அப்படி இருப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

“இந்தப் பெண்மணியைப் பாருங்கள்! ஹம் நகரத்தில் இருக்கிறார். ஒரே குளிர்காலத்தில் பதினொரு குளிர்ச்சட்டை. குழந்தை அளவிலிருந்து கொழுத்த ஆண் அளவு வரைக்கும். நான்கு குழந்தை வண்டில்! யார் இவர்? அநாதை இல்லம் நடத்துகிறாரா?”

பெயர் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு மிச்சப் பாதி தெரியும். ஹம்மில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்த மன்னார் அக்கா. அந்தப் பதினொரு சட்டையில் ஒன்று எனக்குப் பின்னால் கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசயம் இதுதான். எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களில் முதன்முதல் நிரந்தர முகவரியும் வாடிக்கையாளர் இலக்கமும் கிடைத்தது அக்காவுக்கு. மற்றவர்கள் அகதி விடுதியில் இருந்த காலம் அது. அவர்கள் அக்காவின் இலக்கத்தில் உடுப்பு எடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் வீடும் முகவரியும் வந்துவிட்டன, பழக்கம் மட்டும் போகவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்தால் ஹம்மில் மட்டுமல்ல, வுப்பர்டாலில் இருந்தும் ரயில் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கட்டலோக்கை நிலத்தில் விரித்து, அதைச் சுற்றிச் சம்மணம் கொட்டி இருப்பார்கள். அக்கா பிள்ளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அளவுநாடா இல்லாமலே, “இவனுக்கு ஒரு சைஸ் கூட எடுங்கோ, தை மாசத்துக்குள்ள வளந்திடுவான்” என்பார். இறைச்சி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரியும். யாருக்கோ Antrag என்ற அரசாங்க விண்ணப்பம் நிரப்பப்படும், யாருக்கோ கல்யாணம் பேசப்படும். கால்சட்டை எடுக்க வந்தவர் மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போனதும் உண்டு.

இப்படிப் பலருக்குச் சேர்த்து எடுப்பவர்களுக்கு நிறுவனம் கழிவாக ஒரு தொகை கொடுக்கும், அதற்கு யார் யாருக்கு எடுக்கிறார் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அக்கா நிரப்பவேயில்லை. “சனத்தின்ர உடுப்பில நான் காசு பாக்கிறதோ?” என்று என்னோடு கோபித்தார். ஆகவே என் நிரலுக்கு அவர் பதினொரு உடம்புள்ள ஒரே மனுசி.

நான் கூட்டத்தில் இவ்வளவையும் சொல்லத் தொடங்கினேன். தலைவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். “அவரைப் பார்க்க வேண்டும். பூங்கொத்தோடு! நீங்கள் மொழிபெயர்க்க வாருங்கள்.”

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“என்ன பிழை விட்டனான், பிள்ளை?”

“பிழை இல்லை அக்கா. நீங்கள்தான் முதலாவதாம். பாராட்ட வருகினம்.”

“ஜெர்மன்காரன் நாள் குறிச்சு, Termin வைச்சு வாறது பாராட்டவோ? சரி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு. சனம் நிக்கும், எனக்குத் துணையா இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை என்றால் தலைவர் வரமாட்டார் என்று நம்பினேன். வந்தார். கதவு திறந்ததும் பூங்கொத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே இருந்த அத்தனை பேரும் அவருடைய கட்டலோக்கை உடுத்திக்கொண்டு இருந்தார்கள். அக்காதான் அப்படி வரச் சொல்லியிருந்தார், மரியாதைக்கு. மனிதர் ஒவ்வொருவரையும் பெயர் கேட்காமல் கட்டலோக் பக்க எண்ணால் அடையாளம் கண்டார். “பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு!” என்று ஒரு அண்ணையின் கையைக் குலுக்கினார். “ஆ, நீலத்தில் கிடைத்ததா? எங்களிடம் முடிந்துவிட்டது என்றார்களே!” என்று இன்னொருவரின் மனைவியைச் சுற்றி வந்து பார்த்தார். அந்த மனுசிக்கு வெட்கம், புருசனுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் மொழிபெயர்க்காமல் ரோல்ஸ் தட்டை நீட்டினேன். ஒன்றைக் கடித்தார், உறைப்பில் கண்ணீர் வந்தது, இரண்டாவதையும் எடுத்தார்.

திரும்பும் வழியில் காருக்குள் அமைதியாக இருந்தார். அவர் அமைதியாக இருந்தால் ஏதோ வினை வருகிறது என்று அர்த்தம்.

“ஒரு வாடிக்கையாளர் இல்லை,” என்றார் கடைசியில். “இருபது வாடிக்கையாளர்! நாம் ஒருவராக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.”

“அவர்கள் சேர்ந்து வாங்குவதால்தான் வாங்குகிறார்கள்,” என்றேன். என் குரல் கார் இரைச்சலில் கேட்கவில்லையா, அவர் கேட்கவில்லையா, தெரியாது.

அடுத்த வாரமே எல்லா வீட்டுக்கும் படிவம் போனது. சொந்த இலக்கம், சொந்தக் கட்டலோக். முதல் கொள்வனவுக்கு ஒரு அலாரம் ரேடியோ இலவசம். இலவசம் என்றதும் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பின் ஒருவராக ஒரு சோடி காலுறை எடுத்து, ரேடியோவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன். நல்ல ரேடியோ.

அடுத்த கூட்டத்தில் தலைவருக்கு நிலத்தில் கால் படவில்லை. ஹம்மிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது புதியவர்கள்! எல்லோரும் ஐந்து ஒன்று ஒன்று. முதல் இலக்கம் ஐந்து, ஏனென்றால் இப்போதுதான் வாங்கினார்கள். மற்ற இரண்டும் ஒன்று, ஏனென்றால் ஒரே தரம், ஒரே காலுறை. “இனி வளருவார்கள்,” என்றார்.

வளரவில்லை. வீட்டுக்கு வீடு கட்டலோக் வந்தது, ஆனால் தனியாக இருந்து அதைப் புரட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அளவு தெரியாது, படிவத்தின் ஜெர்மன் விளங்காது, ரோல்ஸும் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். அக்கா வீட்டுக்குப் போகவும் காரணம் இல்லாமல் போனது. சும்மா போவதற்கு எங்கள் ஆட்களுக்கு ஒரு சாட்டு வேண்டும்.

மாதம் மாதம் பட்டியலில் அக்காவைத் தேடிப் பார்ப்பேன். வாங்கிய தடவையும் தொகையும் இரண்டு வருடக் கணக்கு, ஆகவே பின் இரண்டு இலக்கமும் ஐந்திலேயே நின்றன. முதல் இலக்கம் மட்டும் நான்கானது, மூன்றானது. மற்றவர்கள் வாங்க வாங்க, அவர் ஒன்றுமே செய்யாமல் வரிசையில் பின்னுக்குப் போனார். கோடை தொடங்கும்போது இரண்டு ஐந்து ஐந்து. முன்பு தங்கமாக இருந்து இப்போது காணாமல் போனவர் என்று அதற்குப் பொருள். அதற்கு நிரலில் ஒரு விதி இருந்தது, தானாக ஒரு கடிதம் போகும்.

அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, உங்கட கொம்பனியில இருந்து கடிதம் வந்திருக்கு. என்னைக் காணேல்லையாம். கனநாளாத் தேடுகினமாம்.”

சிரித்துக்கொண்டே, “அது ஆள் எழுதிறேல்லை அக்கா. மிஷின் தானா அனுப்பிறது,” என்றேன்.

“மிஷினோ?” என்று கேட்டார். “நாலு மாசமா என்ர வீட்டுப் படி ஒருத்தரும் ஏறேல்லை. போன கிழமையும் ரோல்ஸ் பொரிச்சுப்போட்டு நானே கொண்டுபோய் வேலையிடத்துக் கிழவியளுக்குக் குடுத்தனான். மிஷினுக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையே?”

உங்களுக்கு என்றதற்குள் நானும் இருந்தேன். ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரம். எனக்கு அழுகை வந்தது, அதோடு என் மேலேயே எரிச்சலும் வந்தது. வாறன் அக்கா என்றேன், போகவில்லை. வேலை என்று ஒரு சாட்டு இருந்தது.

ஆடியில் குளிர்காலக் கட்டலோக் அச்சாகி வந்தது. நிரல் அந்த மாதமும் தானாக ஓடியது. புதியவர்கள் இருபது பேரும் இதற்குள் இரண்டு ஒன்று ஒன்றுக்கு இறங்கியிருந்தார்கள். அந்த இலக்கத்துக்குக் கட்டலோக் கிடையாது. இரண்டு ஐந்து ஐந்துக்குக் கட்டாயம் உண்டு, எப்படியாவது திருப்பிப் பிடிக்க வேண்டிய ஆளல்லவா. எங்கள் சனம் முழுவதிலும் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் புத்தகம் போனது.

என் தபால்பெட்டியிலும் ஒன்றும் இல்லை. நான் பராமரித்த நிரல் என்னைத் தள்ளிவிட்டிருந்தது. முதலில் நிரலில் ஏதோ பிழை என்றே நினைத்தேன். என் இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது: ஒரு தரம், ஒரு சோடி காலுறை, ஒரு ரேடியோ.

பிள்ளைகளோ வளர்ந்துவிட்டார்கள், குளிர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஹம் ரயிலில் நான் ஏறினால், எதிர் இருக்கையில் பீலெஃபெல்டில் இருக்கும் எங்கள் ஆட்களின் குடும்பம் ஒன்று இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறது. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அக்கா வீட்டு வாசலில் சப்பாத்துகளுக்குள் கால் வைக்க இடம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் உச்சியில் மறுபடியும் அக்கா, ஐந்து ஐந்து ஐந்து. தலைவர் மேசையில் தட்டினார். “கடிதம்! அந்தக் கடிதம்தான் திருப்பிக் கொண்டுவந்தது! வசனத்தைப் பாருங்கள், எவ்வளவு உருக்கம்!” அந்த வசனத்தை எழுதியவர் அவர்தான். இருபது பேரைப் பற்றி யாரோ கேட்டபோது, “சிலரை வளர்க்க முடியாது,” என்று பட்டியலைப் புரட்டினார். நான் பேசாமல் இருந்தேன். பேசினால் மறுபடியும் ரேடியோ கொடுப்பார்.

கூட்டத்துக்கு முன்பு, ரயிலில் போன அந்த ஞாயிறு, அக்கா வாசலில் என்னைக் கண்டதும், “என்ன, உனக்கும் புத்தகம் வரேல்லையோ?” என்றுதான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளில் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பினார்.

“மெலிஞ்சு போனாய். ஒரு சைஸ் குறைச்சு எழுதிறன். உள்ள வா, ரோல்ஸ் ஆறுது.”