பால்கோவாவும் மூன்றும்

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் 'மூன்று' என்ற எண்ணுக்குப் பால்கோவா என்று பெயர் வந்ததற்கு நான்தான் காரணம்.

அங்கே நான் மனிதவளத் துறை மேலாளர். வருடா வருடம் மே மாதம் எல்லோருக்கும் மதிப்பீட்டுக் கடிதம் கொடுப்போம். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஊதிய உயர்வு அதைப் பார்த்துத்தான். ஐந்தும் நாலும் கொஞ்சம் பேருக்கே போகும், பெரும்பாலோருக்கு மூன்று. மூன்று வாங்கியவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்து எனக்கு ஞானோதயம் பிறந்தது. நிர்வாகவியல் புத்தகங்களை அலமாரி நிறைய வாங்கி, பாதியைப் படித்தும் வைத்திருப்பவனுக்கு ஞானோதயம் சீக்கிரம் வரும். பாராட்டும் பரிசும் கலந்து கொடுத்தால் கசப்பு தெரியாது என்று முடிவு செய்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கால் கிலோ பால்கோவாப் பெட்டிகளை வரவழைத்தேன். மூன்று வந்த ஒவ்வொருவருக்கும் கடிதத்தோடு ஒரு பெட்டி, 'உங்கள் உழைப்புக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டையோடு. எல்லா அட்டையிலும் அதே வரி.

இரண்டாம் வருடமே கேன்டீனில் காதில் விழுந்தது.

"என்னலே, பால்கோவாவா?"

"ஆமாண்ணே. இந்த வருசமும் இனிச்சுப் போச்சு."

அந்த மே மாதம்தான் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு அம்மா என் அறைக்கு வந்தார். வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வருபவர், நாற்பது வயதிருக்கும். நூல் சுற்றிய கோன்களை நீல வெளிச்சத்தில் வைத்து, வேறு ரகம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு கையில் புத்தம் புது டிபன் கேரியர், மறு கையில் பிரிக்காத பால்கோவாப் பெட்டி. இரண்டையும் என் மேஜையில் வைத்து, மேலே ஒரு காகிதத்தையும் வைத்தார். ராஜினாமா.

"ஏப்ரல்ல மாஸ்டர் அம்புட்டுப் பேருக்கு முன்னால கைதட்டுனாக. இந்தக் கேரியரும் அவிய குடுத்ததுதான். இப்ப மூணுன்னு வருது. அப்ப கைதட்டுனது பொய்யா சார்?"

ஏப்ரலில் நடந்தது எனக்கும் தெரியும். லாரியில் ஏற்றவிருந்த சரக்கில் கலந்திருந்த ஒரு கோனை அவர் கண்டுபிடித்திருந்தார். கோனின் நிறம் சரிதான், விளக்கிலும் வித்தியாசம் தெரியவில்லை. தொட்டுப் பார்த்ததில் நூல் தடித்திருப்பதாகச் சந்தேகப்பட்டு, லாரியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சோதனைக்கூடத்தில் எடை போட்டபோது சந்தேகம் உறுதியானது. அன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் அவருடைய பிரிவு மேற்பார்வையாளரான மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி, அந்தக் கோனைத் தூக்கிக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னார். மறுநாள் அந்தக் கேரியர். அந்த அம்மாவின் பழைய கேரியரின் கொக்கி உடைந்து, கழிவு நூலால் கட்டியிருந்ததை மாஸ்டர் மட்டும்தான் கவனித்திருந்தார்.

மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், புத்தகம் படிக்கிற வழக்கமே கிடையாது. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, அவ்வளவுதான். அதைப் புரட்டி அந்த அம்மாவின் முன்னால் வைத்தார்.

"இங்க பாரு தாயி. மூணு போன மார்ச் வரைக்கும் பார்த்த வேலைக்கு. அதுல ரெண்டு தடவை கலப்பு நம்மளத் தாண்டிப் போயி கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு. தேதி போட்டிருக்கேன். உண்டா இல்லையா?"

"உண்டு."

"அப்பவே சொன்னனா?"

"சொன்னீக."

"லாரிய நிப்பாட்டுனது ஏப்ரல்ல. அது இந்த வருசக் கணக்கு. இந்தா, அடுத்த பக்கத்துல இருக்கு. வர்ற மார்ச்சுல மார்க்குப் போடுற மீட்டிங்ல இதை நாந்தான் வாசிப்பேன். அதுக்காக அம்புட்டு நாளும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா? தோணுன அன்னைக்கே கைதட்டிட்டேன்."

அந்த அம்மா அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்த இனிப்பு எதுக்கு சார்?"

மாஸ்டர் மரியாதைக்காக ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மா காகிதத்தை எடுத்து மடித்து, கேரியரின் மேல்தட்டில் போட்டு மூடினார். பால்கோவாவை என்னிடமே விட்டுவிட்டார். வருடம் முழுக்க அந்த மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்ததை நான் ஒரே நாளில், ஒரே வரியில், கால் கிலோவில் முடிக்கப் பார்த்திருக்கிறேன். மே மாதப் பால்கோவாவை அதோடு நிறுத்தினேன். எல்லாப் பிரிவு மாஸ்டர்களுக்கும் சட்டைப்பை நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மார்ச்சில் மதிப்பீட்டுக் கூட்டம் கூடியது. நாலு மதிப்பெண்ணுக்கு ஆள் அதிகம், இடம் குறைவு. மாஸ்டர் நோட்டைத் திறந்து, குரலை உயர்த்தாமல், தேதி வாரியாக வாசித்தார். மற்ற பிரிவு மாஸ்டர்கள், நோட்டு இருந்தும், 'நல்ல உழைப்பாளி' என்பதைத் தாண்டவில்லை. அந்த அம்மாவுக்கு நாலு கிடைத்தது.

மே மாதம் கடிதத்தை நானே பேக்கிங் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அட்டை இல்லை, பெட்டி இல்லை. தொட்டே கண்டுபிடித்த கோன், நிறுத்திய லாரி, தப்பித்த கம்பெனி மானம் என்று ஒன்றுவிடாமல் பாராட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"நல்லாத்தான் சொல்லுதீக சார். ஆனா இதை மாஸ்டர் போன வருச ஏப்ரல்லயே சொல்லிட்டாக."